மளிகை பில்லைப் போட்டோ எடுத்து வகைவாரியான செலவுக் கணக்காக மாற்றுவது எப்படி?

மாதக் கணக்கில் "மளிகை – 1,646" என்று ஒரே வரியில் எழுதி வைத்தால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. அதே பில்லுக்குள் அரிசி, துணி துவைக்கும் பவுடர், குளியல் சோப்பு, பிஸ்கட், கடைசியில் ஒரு கைப்பை எல்லாம் இருக்கும். சாப்பாட்டுக்கு எவ்வளவு போனது, துப்புரவுக்கு எவ்வளவு போனது, உளுந்து விலை போன மாதத்தைவிட ஏறியதா என்பதெல்லாம் அந்த ஒற்றை எண்ணுக்குள் அமுங்கிப் போய்விடும். ஒவ்வொரு பொருளையும் கையால் எழுதலாம் என்றால், நாற்பது வரி பில் வரும் மாதத் தொடக்கத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது.

பில்லைப் போட்டோ எடுத்து, அதிலுள்ள எழுத்தைப் பிரித்தெடுத்து, கூகுள் ஷீட்டில் போட்டு, வகை பிரித்து வைக்கும் முறையை இங்கே தருகிறேன். நடுவில் எங்கெல்லாம் சிக்கும் என்று சொல்ல ஆள் இல்லாமல் தட்டுத் தடுமாறித்தான் இதைப் பழகினேன். நீங்களும் அப்படித் திணற வேண்டாம். தமிழ்நாட்டு சூப்பர் மார்க்கெட்டுகளில் ஆங்கில எழுத்தில் அச்சாகி வரும் பில்லுக்கான முறை இது.

செலவு எதுவும் இல்லை. கேமரா உள்ள போன், கூகுள் கணக்கு (15 ஜிபி வரை இலவசம்), முதல் முறை அமைப்பதற்கு மட்டும் ஒரு கம்ப்யூட்டர் அல்லது லேப்டாப் வேண்டும். முதல் பில்லுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குங்கள். இரண்டாவது பில் அதில் பாதி நேரத்தில் முடியும். அதே கடையில் தொடர்ந்து வாங்கினால் நாலைந்து பில்லுக்குப் பிறகு பத்து நிமிட வேலைதான்.

## 1. பில் கையில் வந்த அன்றே போட்டோ எடுங்கள்

பெரும்பாலான கடை பில்கள் தெர்மல் காகிதத்தில் வருகின்றன. அதில் மை கிடையாது. சூடு பட்டுக் கறுக்கும் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. வெயில், சூடு, எண்ணெய்க் கை, சானிடைசர் எது பட்டாலும் எழுத்து மங்கும், அல்லது காகிதமே கறுக்கும். பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்தாலும் சில மாதங்களில் வெளுக்கலாம். அதனால் "மாதக் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடாதீர்கள்.

பில் சுருண்டிருந்தால் எதிர்ப்பக்கமாக ஒரு முறை சுருட்டி விட்டால் நிமிர்ந்துவிடும். அடர்ந்த நிற மேசையில் விரித்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். தெர்மல் காகிதம் கொஞ்சம் பளபளப்பானது, ஃபிளாஷ் அடித்தால் நடுவில் நாலு வரி வெள்ளையாகிவிடும். போனைப் பில்லுக்கு நேர் மேலே பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் வலது ஓரத்துத் தொகைகள் வேறு வரியோடு ஒட்டிக்கொண்டு வரும்.

நீளமான பில்லை ஒரே படமாக எடுக்காதீர்கள். முழு நீளமும் படத்துக்குள் வர வேண்டும் என்று போனை உயர்த்தினால் எழுத்து பொடியாகி, 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். இரண்டு மூன்று துண்டாக எடுங்கள். ஒவ்வொரு படத்தின் கடைசி இரண்டு பொருள்களும் அடுத்த படத்தின் தொடக்கத்தில் மறுபடி வரட்டும். இணைக்கும்போது அந்த இரட்டிப்பை நீக்கிவிடலாம்.

கூகுள் டிரைவ் ஆப்பில் `+` அழுத்தினால் `Scan` என்று ஒரு வசதி இருக்கிறது. அது ஓரங்களை வெட்டி, கோணலை நிமிர்த்தி, எழுத்தைக் கறுப்பாக்கித் தரும். மங்கலான பில்லுக்கு நேரடிப் போட்டோவைவிட இதுவே நல்லது.

## 2. படத்திலிருந்து எழுத்தை எடுப்பது

இரண்டு வழிகள் உண்டு.

போனிலேயே முடிக்க வேண்டுமென்றால், படத்தை கூகுள் லென்ஸில் திறந்து எழுத்தைத் தேர்ந்தெடுத்து `Copy text` கொடுங்கள். சட்டென்று முடியும். சின்ன பில்லுக்கு இது போதும்.

கம்ப்யூட்டரில் செய்வதாக இருந்தால், படத்தை டிரைவில் ஏற்றி, அதன் மேல் ரைட் கிளிக் செய்து `Open with` > `Google Docs` கொடுங்கள். மேலே படமும் கீழே எழுத்துமாக ஒரு கோப்பு திறக்கும். இரண்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால் ஒப்பிட்டுத் திருத்துவது எளிது. படம் 2 எம்பிக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய படமாக இருந்தால் பில்லைச் சுற்றியுள்ள மேசையை வெட்டிவிட்டாலே அளவு குறையும்.

இந்த இடத்தில்தான் பலரும் கைவிடுகிறார்கள். பில்லில் பெயருக்கும் தொகைக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருந்தால், எழுத்தை எடுக்கும் கருவி அதை இரண்டு பத்திகளாக எண்ணிக்கொள்ளும். முதலில் எல்லாப் பெயர்களும், அதற்குக் கீழே எல்லாத் தொகைகளும் என்று பிரிந்து வரும். பார்த்தவுடன் "இது வேலைக்கு ஆகாது" என்று தோன்றும், ஆனால் தரவு எங்கும் போகவில்லை. ஷீட்டில் பெயர்களை A பத்தியிலும் தொகைகளை B பத்தியிலும் பக்கம் பக்கமாக ஒட்டுங்கள். இரண்டும் ஒரே எண்ணிக்கையில் இருந்தால் வரிசை பெரும்பாலும் சரியாகவே பொருந்தும். ஒன்று குறைந்தால் எந்த வரி விடுபட்டது என்று பில்லைப் பார்த்துச் சேர்த்துவிட்டு மேலே போங்கள்.

## 3. ஷீட்டில் ஒட்டிப் பிரிப்பது

புது ஷீட் திறந்ததும், எதையும் ஒட்டுவதற்கு முன், `File` > `Settings` போய் `Locale` என்ற இடத்தில் `India` தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாவிட்டால் 05/04/2025 என்ற தேதி ஏப்ரல் 5 என்பதற்குப் பதிலாக மே 4 ஆகப் பதிவாகலாம். மாதக் கணக்கு போடும் வரை இந்தத் தப்பு கண்ணில் படாது. அதற்குள் பல பில்கள் தவறான மாதத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

இப்போது ஒரு மாதிரி பில்லை வைத்துக்கொள்வோம். பல கடைகளில் பொருள் பெயர் ஒரு வரியிலும், அளவு, விலை, தொகை மூன்றும் அடுத்த வரியிலும் அச்சாகும்:

```
ONION LSE
1.485 38.00 56.43
URID DHALL 500G
2 72.00 144.00
DET PWD 1KG
1 128.00 128.00
```

`LSE` என்றால் லூஸ், அதாவது எடை போட்டுத் தருவது. `DET PWD` துணி துவைக்கும் பவுடர். பில்லின் அடிப்பகுதி இப்படி இருக்கிறது:

```
ITEMS: 11
DISCOUNT   -40.00
ROUND OFF    0.25
TOTAL     1646.00
YOU SAVED  212.00
```

எடுத்த எழுத்தை "ஒட்டு" என்ற தனி ஷீட்டின் A பத்தியில் ஒட்டுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு கட்டத்தில் உட்காரும். கடையின் முகவரி, ஜிஎஸ்டி எண், நன்றி வாசகம் போன்றவற்றை நீக்கி, பொருள் வரிகளை மட்டும் விட்டுவையுங்கள். பிறகு B1-இல் இதை எழுதுங்கள்:

```
=SPLIT(A2," ")
```

வெங்காயத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே 1.485, 38, 56.43 மூன்றும் தனித்தனிக் கட்டங்களில் வந்துவிடும். B2-வை வெறுமையாக விட்டு, B1, B2 இரண்டையும் சேர்த்து காப்பி எடுத்து, கடைசி வரி வரை கீழே ஒட்டினால் ஒன்றுவிட்டு ஒரு வரியாகச் சூத்திரம் விழும். இதற்கு ஒவ்வொரு பொருளுக்கும் சரியாக இரண்டு வரி இருக்க வேண்டும். நீளமான பெயர் உடைந்து மூன்று வரியாகியிருந்தால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரு படி தள்ளிப்போகும். எனவே சூத்திரம் போடுவதற்கு முன்பே அந்த உடைசலைச் சேர்த்துவிடுங்கள்.

சில பில்களில் எம்ஆர்பி என்ற கூடுதல் பத்தியும் இருக்கும். அப்போது மூன்றுக்குப் பதில் நான்கு எண்கள் வரும். கணக்குக்கு வேண்டியது கடை போட்ட விலைதான், எம்ஆர்பி தேவையில்லை.

பிரித்ததைக் காப்பி எடுத்து, "செலவு" என்ற முதன்மை ஷீட்டில் C பத்தியில் தொடங்கி `Ctrl+Shift+V` கொண்டு ஒட்டுங்கள். இப்படி ஒட்டினால் சூத்திரம் வராது, எண்கள் மட்டும் வரும். நடுவே D, E, F காலியாக உள்ள வரிகளை நீக்கிவிடுங்கள். அந்த ஷீட்டின் பத்திகள் இந்த வரிசையில் இருக்கட்டும்: A தேதி, B கடை, C பில்லில் உள்ள பெயர், D எண்ணிக்கை, E விலை, F தொகை. மீதியை ஷீட்டே நிரப்பும்.

## 4. சரிபார்ப்பு: இதைத் தவிர்க்கவே கூடாது

படத்திலிருந்து எடுத்த எழுத்தில் பிழை இருந்தே தீரும். பெயரில் வந்தால் கண்ணுக்குத் தெரியும். TOOR என்பது T00R ஆகியிருக்கும். எண்ணில் வரும் பிழைதான் ஆபத்து, ஏனென்றால் தவறான எண்ணும் பார்க்க எண்ணாகவே இருக்கும். நல்ல வேளையாக, பில் தன்னைத்தானே சரிபார்க்கத் தேவையானதைத் தன்னிடமே வைத்திருக்கிறது. எண்ணிக்கையை விலையால் பெருக்கினால் தொகை வர வேண்டும். G2-வில் இதை எழுதிக் கீழே இழுங்கள்:

```
=ROUND(D2*E2-F2,2)
```

எல்லாப் பொருள் வரியிலும் 0 வந்தால் நல்லது. ஓரிரு பைசா வித்தியாசம் எடை போட்ட பொருள்களில் வரலாம், அதை விட்டுவிடுங்கள். அதைவிடப் பெரிதாக எது வந்தாலும் அந்த வரியை மட்டும் பில்லோடு ஒப்பிட்டால் போதும்.

அடுத்து `=SUM(F2:F14)` போட்டு பில்லின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். நம் மாதிரியில் 11 பொருள்களும் சேர்ந்து 1,685.75 வருகிறது. தள்ளுபடி 40 கழித்து, ரவுண்ட் ஆஃப் 0.25 சேர்த்தால் 1,646. தள்ளுபடியையும் ரவுண்ட் ஆஃபையும் தனித்தனி வரிகளாகப் பதிவு செய்யுங்கள்; தள்ளுபடியைப் பொருள்களுக்குப் பங்கு பிரித்துப் போட ஆரம்பித்தால் எந்தப் பொருளின் விலையும் பில்லோடு பொருந்தாது.

மொத்தம் இடித்தால், எவ்வளவு இடிக்கிறது என்பதை வைத்தே பிழை எங்கே என்று கண்டுபிடிக்கலாம். கணக்குப்பிள்ளைகளுக்குப் பழகிய உத்திகள் இவை:

வித்தியாசம் ஏதோ ஒரு பொருளின் தொகையாகவே இருந்தால் அந்த வரி விடுபட்டிருக்கிறது, அல்லது இரண்டு படங்கள் சேர்ந்த இடத்தில் இரட்டித்திருக்கிறது. நம் பில்லில் 7 ரூபாய் குறைந்தால் அது கைப்பை. பில்லின் அடியில் உள்ள `ITEMS: 11` என்பதையும் உங்கள் வரிகளையும் எண்ணிப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

வித்தியாசம் ரொம்பப் பெரிதாக, ஆயிரக்கணக்கில் இருந்தால் எங்கோ புள்ளி விழுந்துவிட்டது. அதை 99-ஆல் வகுத்துப் பாருங்கள். வெங்காயத்தின் 56.43 என்பது 5643 ஆகப் பதிவாகியிருந்தால் மொத்தம் 5,586.57 கூடும். அதை 99-ஆல் வகுத்தால் 56.43 என்று குற்றவாளியே வெளியே வந்து நிற்கும். பில்லில் அந்தத் தொகையுள்ள வரியைத் தேடினால் முடிந்தது.

கையால் தட்டிய வரிகள் இருந்தால் இன்னொன்றும் உதவும். வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். துவரம் பருப்பின் 148-ஐ 184 என்று தட்டினால் வித்தியாசம் 36.

இனி, பில்லின் அடிப்பகுதியில் உள்ள இரண்டு பொறிகள். முதலாவது `YOU SAVED`. எம்ஆர்பிக்கும் கடை விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் கடை அப்படிக் காட்டுகிறது. அது ஏற்கெனவே விலையில் குறைக்கப்பட்டுவிட்டது, மறுபடி கழிக்கக் கூடாது. இரண்டாவது ஜிஎஸ்டி அட்டவணை. சூப்பர் மார்க்கெட் பில்லில் விலைக்குள்ளேயே வரி அடக்கம். துணி பவுடருக்கு 18 சதவீதம் என்றால், அந்த 128 ரூபாய்க்குள் 19.53 வரிதான். கீழே சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுவது தகவலுக்காக மட்டுமே. அதைத் தனிச் செலவாக எழுதினால் வரியை இரண்டு முறை கணக்கிட்டதாகிவிடும்.

## 5. அகராதி: ஒரு முறை எழுதினால் போதும்

வகை பிரிப்பதைப் பெரிய வேலையாக நினைக்க வேண்டாம். ஒரே கடை ஒரே பொருளுக்கு எப்போதும் ஒரே பெயரைத்தான் அச்சிடும். `URID DHALL 500G` இந்த மாதமும் அப்படித்தான், அடுத்த மாதமும் அப்படித்தான். ஆகவே அந்தப் பெயர் நம் வீட்டில் என்ன பொருள், எந்த வகை, ஒரு பாக்கெட்டில் எவ்வளவு என்று ஒரு முறை எழுதி வைத்தால் போதும். "அகராதி" என்ற ஷீட்டில் நான்கு பத்திகள்: A பில் பெயர், B நம் பெயர், C வகை, D பாக்கெட் அளவு.

உளுந்துக்கு இப்படி எழுதுவீர்கள்: `URID DHALL 500G`, உளுந்து, அரிசி-பருப்பு, 0.5. வெங்காயத்துக்கு: `ONION LSE`, வெங்காயம், காய்கறி-பழம், 1.

"செலவு" ஷீட்டில் H2, I2, J2 மூன்றிலும் முறையே இவற்றைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=IFERROR(VLOOKUP(TRIM(C2),'அகராதி'!A:D,2,FALSE),"?")
=IFERROR(VLOOKUP(TRIM(C2),'அகராதி'!A:D,3,FALSE),"?")
=IFERROR(VLOOKUP(TRIM(C2),'அகராதி'!A:D,4,FALSE),"?")
```

அகராதியில் இல்லாத பெயருக்குக் கேள்விக்குறி வரும். அது புதுப் பொருளாக இருந்தால் அகராதியில் ஒரு வரி சேருங்கள். எழுத்துப் பிழையாக இருந்தால் C பத்தியிலேயே திருத்துங்கள். T00R போன்ற பிழைகளையும் அகராதியில் சேர்த்துக்கொண்டே போனால் ஒரே துவரம் பருப்புக்கு ஆறு பெயர் இருக்கும், எது சரி என்று பிறகு தெரியாது. முதல் பில்லில் எல்லா வரியுமே கேள்விக்குறியாக இருக்கும். நேரம் இழுப்பது அதனால்தான். இரண்டாவது கடைக்குப் போனால் அந்தக் கடையின் பெயர்களும் அதே அகராதியில் கீழே சேரும். `URAD DAL 500` என்று வேறு கடை அச்சிட்டாலும் B பத்தியில் "உளுந்து" என்றே எழுதுங்கள். அப்போதுதான் இரண்டு கடை விலையையும் ஒப்பிட முடியும்.

எத்தனை வகை வைப்பது? நான் பரிந்துரைப்பது எட்டு: அரிசி-பருப்பு, எண்ணெய்-நெய், காய்கறி-பழம், பால்-முட்டை, மசாலா, நொறுக்கு-காபி-டீ, துப்புரவு, குளியல்-தலை. இவற்றுக்குள் வராததற்கு "இதர" ஒன்று. இருபது வகை வைத்தால் ஒவ்வொரு பொருளுக்கும் யோசிக்க வேண்டியிருக்கும், கடைசியில் எந்த வகையிலும் பேசும்படி ஒரு தொகை சேராது.

சில பில்களில் பெயருக்குப் பக்கத்தில், வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எச்எஸ்என் எண் இருக்கும். பெயர் புரியாதபோது அது நல்ல துப்பு. முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள்: 07 காய்கறியும் பருப்பும், 09 மசாலாவும் காபி டீயும், 10 அரிசி கோதுமை, 15 எண்ணெய், 17 சர்க்கரை, 19 பிஸ்கட், 33 பற்பசை ஷாம்பு, 34 சோப்பு மற்றும் துணி பவுடர். இந்த எண்ணை ஒட்டும் பத்தியை முதலிலேயே `Format` > `Number` > `Plain text` ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் 0713 என்பது 713 ஆகச் சுருங்கி, பருப்பு வேறு எங்கோ போய்விடும்.

எந்த எண்ணாலும் தீர்க்க முடியாத பொருள் ஒன்று உண்டு: தேங்காய் எண்ணெய். அது சமையலுக்கா தலைக்கா என்று பில்லுக்குத் தெரியாது. சின்ன பாக்கெட்டில் விற்கும் தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா கூந்தல் எண்ணெயா என்ற வழக்கே சேலம் மத்திய கலால் துறையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 டிசம்பரில்தான் அது சமையல் எண்ணெயாகவே வகைப்படும் என்று தீர்ப்பானது. கூந்தல் எண்ணெய் என்றே லேபிள் போட்டு விற்பதற்கு இது பொருந்தாது. வரிக்கு அது சரி. உங்கள் கணக்குக்கு உங்கள் வீட்டு வழக்கம்தான் அளவுகோல். எங்கள் வீட்டில் தலைக்குத்தான், ஆகவே "குளியல்-தலை". ஒரு முறை முடிவு செய்து அகராதியில் எழுதிவிட்டு, அதை மாற்றாமல் இருங்கள்.

## 6. அளவும் அலகு விலையும்

செலவுக் கணக்கு மட்டும் போதும் என்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். ஆனால் பொருள் பட்டியலாக இது பயன்பட வேண்டுமென்றால் இது தேவை.

பில்லில் உள்ள எண்ணிக்கைப் பத்தி இரண்டு விதமாகப் பேசும். வெங்காயத்துக்கு 1.485 என்றால் கிலோ. உளுந்துக்கு 2 என்றால் இரண்டு பாக்கெட், இரண்டு கிலோ கிடையாது. இதற்காகத்தான் அகராதியில் பாக்கெட் அளவை எழுதினோம். K2-வில் மொத்த அளவும் L2-வில் அலகு விலையும்:

```
=D2*J2
=IFERROR(F2/K2,"")
```

உளுந்து: 2 பாக்கெட், ஒவ்வொன்றும் 0.5 கிலோ, மொத்தம் 1 கிலோ, கிலோ விலை 144. அடுத்த மாதம் ஒரு கிலோ பாக்கெட் வாங்கினாலும், வேறு கடையில் லூஸாக வாங்கினாலும் இந்த ஒரே பத்தியில் ஒப்பிடலாம். பாக்கெட் விலை ஏறாமல் உள்ளே எடை மட்டும் குறையும்போதும் இந்தப் பத்திதான் காட்டிக்கொடுக்கும். ஆனால் அதற்கு, எடை மாறிய பாக்கெட்டை அகராதியில் புது வரியாகச் சேர்க்க வேண்டும். பழைய வரியிலேயே எடையைத் திருத்தினால் பழைய மாதக் கணக்குகளும் சேர்ந்து மாறிவிடும்.

எண்ணெயை லிட்டரிலேயே வையுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ எடை இருக்காது, சுமார் 910 கிராம்தான். சில பாக்கெட்டுகள் கிலோ கணக்கிலும் சில லிட்டர் கணக்கிலும் வருவதால், கலந்து எழுதினால் விலை மலிவாகவோ ஏறியதாகவோ பொய்யாகத் தெரியும்.

## 7. மாதக் கணக்கு

M2-வில் மாதத்தை எடுங்கள்:

```
=TEXT(A2,"yyyy-mm")
```

பிறகு `Insert` > `Pivot table` போய், வரிசைக்கு வகை, பத்திக்கு மாதம், மதிப்புக்குத் தொகையின் `SUM` என்று கொடுங்கள். தள்ளுபடிக்கும் ரவுண்ட் ஆஃபுக்கும் "தள்ளுபடி" என்ற வகையை அகராதியில் எழுதிவிட்டால் அட்டவணையின் மொத்தமும் பில்லின் மொத்தமும் ஒத்துப்போகும்.

நம் மாதிரி பில்லை இப்படிப் பிரித்தால்: பொன்னி அரிசி 340, துவரை 148, உளுந்து 144 சேர்ந்து அரிசி-பருப்பு 632. நல்லெண்ணெய் 385. வெங்காயமும் தக்காளியும் 80.75. பிஸ்கட் 56. துணி பவுடர் 128. குளியல் சோப்பு 162-உம் தேங்காய் எண்ணெய் 235-உம் சேர்ந்து 397. கைப்பை 7. தள்ளுபடி வகையில் கழித்தல் 39.75. மொத்தம் 1,646.

இதில் வாயில் போகும் பொருள்கள் 1,153.75 மட்டும். துப்புரவும் குளியலும் 525, பில்லில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. "இந்த மாதம் மளிகை ஏன் ஏறியது" என்று கேட்கும்போது பருப்பைக் குறைக்க வேண்டுமா, சோப்பை மொத்தமாக வாங்கியதால் வந்த ஏற்றமா என்பது இங்கேதான் தெரியும்.

## 8. இந்த முறைக்குள் வராத பில்கள்

தெருமுனை அண்ணாச்சி கடையில் தமிழில் கையால் எழுதித் தரும் துண்டுச் சீட்டைப் படமெடுத்து எழுத்தாக்க முயல வேண்டாம். "து.ப 1, உ.ப ½" என்ற சுருக்கத்தையும், வேகமாகக் கிறுக்கிய எண்களையும் திருத்துவதற்குள் கையால் தட்டியே முடித்துவிடலாம். C பத்தியில் நேராக "துவரம் பருப்பு லூஸ்" என்று தட்டுங்கள், அதையும் அகராதியில் சேர்த்துவிட்டால் மற்றதெல்லாம் அதேபோல் வேலை செய்யும். அந்தச் சீட்டில் பல சமயம் பொருளுக்கு நேரே தொகை மட்டும் இருக்கும், அளவு இருக்காது. அளவை வீட்டுக்கு வந்தவுடனேயே கேட்டு எழுதுங்கள்.

பொருளைத் திருப்பிக் கொடுத்தால் பழைய வரியை அழிக்காதீர்கள். திருப்பிக் கொடுத்த தேதியில் அதே பெயரோடு, எண்ணிக்கையையும் தொகையையும் கழித்தல் குறியோடு புது வரியாக எழுதுங்கள். அழித்துவிட்டால் அந்தப் பழைய பில்லின் மொத்தம் இனி எப்போதும் பொருந்தாது.

காகித பில்லை, திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் வரை வைத்திருங்கள். பல கடைகள் போட்டோவை ஏற்பதில்லை. மிக்ஸி, குக்கர் போன்ற உத்தரவாதப் பொருள் அதே பில்லில் இருந்தால், ஒரு ஜெராக்ஸ் எடுத்து உத்தரவாத அட்டையோடு பின் செய்யுங்கள். தெர்மல் காகிதம் வெளுத்தாலும் ஜெராக்ஸ் நிற்கும். பில் படத்தை யாருக்காவது அனுப்பும்போது உங்கள் போன் எண், கடை உறுப்பினர் எண், பணம் கட்டிய விவரம் உள்ள பகுதிகளை வெட்டிவிட்டு அனுப்புங்கள். போன் எண் பல கடைகளில் பில்லின் தலைப்பகுதியிலேயே முழுசாக அச்சாகியிருக்கும்.